சார்ஜ் ஏறவில்லையா? கோளாறு கேபிளிலா, ஃபோனின் துவாரத்திலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு புதுக் கேபிள் இருக்கும். "புதுசு போட்டா ஏறுது, பழசு போட்டா ஏறல. அப்ப பழைய கேபிள்தான் போச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. சில வாரம் கழித்து அதே ஆள், அதே ஃபோன், அந்தப் புதுக் கேபிளிலும் ஏறவில்லை என்று திரும்ப வருவார்.

டைப்-சி கேபிளின் முனைக்குள் சின்னச் சின்ன ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. அவைதான் ஃபோன் துவாரத்துக்குள் இருக்கும் நாக்கைப் பிடித்துக்கொள்கின்றன. துவாரத்தின் அடியில் பஞ்சு அடைந்திருந்தால் முனை முழுதாக உள்ளே போகாது. தேய்ந்த ஸ்பிரிங் உள்ள பழைய கேபிளுக்கு அந்த அரைகுறைப் பிடிப்பு போதாது. புதுக் கேபிளின் ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் எப்படியோ தொட்டுக்கொள்ளும். ஆக, புதுக் கேபிளில் சார்ஜ் ஏறுகிறது என்பதை வைத்து மட்டும் துவாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

செல்லூரில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு அண்ணன் நாலு மாதத்தில் மூன்றாவது கேபிளோடு கடைக்கு வந்தார். அவருடைய ஃபோனை வைத்தே ஒவ்வொரு படியையும் சொல்கிறேன். பெரும்பாலும் டைப்-சி பற்றித்தான் பேசப் போகிறேன். மற்ற வகைகளுக்கு மாறுவதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. கையில் என்னென்ன வேண்டும்

இரண்டாவது ஃபோன் ஒன்று, இரண்டாவது கேபிள் ஒன்று. இரண்டும் இப்போது, இன்றைக்கு, ஒன்றோடொன்று ஒழுங்காக வேலை செய்கிற ஜோடியாக இருக்க வேண்டும். வீட்டில் மனைவியோ தம்பியோ தினமும் சார்ஜ் போடும் ஃபோனும் கேபிளும் போதும். கடையில் அப்போதுதான் வாங்கிய கேபிளை இதற்கு எடுக்காதீர்கள். புதிதாக இருப்பதால் மட்டும் அது நல்ல கேபிள் ஆகிவிடாது. டப்பாவிலிருந்து எடுக்கும்போதே கோளாறாக இருந்த கேபிள்களை நானே பார்த்திருக்கிறேன். கண் முன்னால் ஒரு ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் கேபிளைத்தான் நம்பலாம்.

இரண்டு ஃபோனும் ஒரே வகைத் துவாரம் உள்ளதாக இருக்க வேண்டும். ஐஃபோன் 14 வரை லைட்னிங் முனை, 2023-இல் வந்த 15-இலிருந்து டைப்-சி.

சுத்தம் செய்ய ஒரு டார்ச் (இன்னொரு ஃபோனின் டார்ச்சே போதும்), மெல்லிசாகச் சீவிய ஈர்க்குச்சி அல்லது பல் குத்தும் குச்சி, மென்மையான பழைய டூத்பிரஷ். பிரஷ் காய்ந்திருக்க வேண்டும். ரப்பர் பல்பை அமுக்கினால் காற்று வரும் ஊதுகருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், குச்சியில் அடையாளம் போட.

ஊக்கு, தையல் ஊசி, சிம் எடுக்கும் பின் மூன்றையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். காரணம் 6-ஆம் படியில் வரும்.

2. கேபிளும் துவாரமும் தவிர மற்றவற்றை முதலில் ஒதுக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் செய்யும் எல்லாச் சோதனையும் பொய் சொல்லும்.

அடாப்டரையும் பிளக் பாயின்டையும் முதலில் பாருங்கள். இரண்டாவது ஃபோன் எந்த பாயின்டில், எந்த அடாப்டரில் ஏறுகிறதோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அடாப்டரையும் மாற்றினால், குணமானது எதனால் என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் இந்த வேலை முழுக்க விதி.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி மேலூரிலிருந்து ஓட்டி வந்த ஃபோன், பேட்டரியைக் காப்பாற்றத் தானே சார்ஜை நிறுத்திவிடும் அல்லது குறைத்துவிடும். நிழலில் வைத்து, கைக்கு இதமாகும்வரை ஆறவிட்டுச் சோதிக்கவும். ஃபிரிட்ஜில் வைத்து ஆற்றக் கூடாது. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

மூன்றாவது ஈரம். திரையில் நீர்த்துளிப் படம் வந்தாலோ, ஐஃபோனில் Liquid Detected என்று காட்டினாலோ இன்றைக்குச் சோதனை வேண்டாம். துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். எச்சரிக்கை போகவில்லை என்றால் மறுநாள் வரை விடலாம். அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம். அரிசித் தூசும் தவிடும் துவாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து அணைந்த ஃபோனாக இருந்தால், கேபிளைச் செருகிய உடனே எதுவும் காட்டாது. அரை மணி நேரம் பொறுங்கள். அது உயிர் பெற்று 20 சதவீதம் தாண்டியபிறகு சோதனையைத் தொடங்குவது நல்லது. 80 சதவீதத்துக்கு மேலும் வேண்டாம், அங்கே எல்லா ஃபோனும் தானாகவே மெதுவாகும்.

செல்லூர் அண்ணனின் ஃபோன் 41 சதவீதத்தில் இருந்தது, சூடில்லை, ஈர எச்சரிக்கையும் இல்லை. கடை அடாப்டரில் என் ஃபோன் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. சரி, அடுத்த படிக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

3. எதையும் சுத்தம் செய்யும் முன் முனை எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள்

கேபிளை ஃபோனில் செருகி, அப்படியே கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நல்ல துவாரத்தில் முனையின் உலோகப் பகுதி ஏறக்குறைய முழுக்க மறைந்துவிடும். பிளாஸ்டிக் பிடி ஃபோனின் விளிம்போடு வந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உலோகம் பளபளவென்று வெளியே தெரிந்தால், அடியில் ஏதோ தடுக்கிறது. தடிமனான கவர் போட்ட ஃபோனில் கவரும் இப்படித் தடுக்கும், கழற்றிவிட்டுப் பாருங்கள். கவரைக் கழற்றியதோடு தீர்ந்துபோன கேஸ்களும் உண்டு.

பார்த்தபிறகு விரலால் உணருங்கள். டைப்-சி முனை இறுதியில் ஒரு சின்னக் 'கிளிக்' கொடுக்கும். முனைக்குள் இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகள் நாக்கின் ஓரப் பள்ளங்களில் விழும் உணர்வு அது. அந்தக் கிளிக் இல்லாமல் மெத்தென்று போய் நின்றால், பஞ்சு மெத்தையில் மோதுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கெட்டியாக இடித்து நின்றால் உள்ளே கல், உடைந்த பிளாஸ்டிக் துண்டு மாதிரி ஏதாவது இருக்கலாம்.

அதே கேபிளை இரண்டாவது ஃபோனில் செருகி ஒப்பிடுங்கள். கண்ணும் விரலும் ஒப்பிட ஒன்று இருந்தால்தான் சரியாகச் சொல்லும்.

அண்ணனின் ஃபோனில் அவருடைய கேபிள், என் கேபிள் இரண்டுமே ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நின்றன. என் ஃபோனில் இரண்டும் கிளிக் என்று உட்கார்ந்தன. எனக்கு இங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் குச்சியை எடுக்கவில்லை. சுத்தம் செய்தபிறகு சோதித்தால், முன்பு எந்தக் கேபிள் எப்படி இருந்தது என்பதை அறிய வழியே இருக்காது.

4. நான்கு ஜோடிச் சோதனை

இரண்டு ஃபோன், இரண்டு கேபிள் என்றால் நான்கு ஜோடி கிடைக்கும். நான்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நம்மூரில் எல்லோரும் தம் ஃபோனில் வேறு கேபிளைப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தம் கேபிளை வேறு ஃபோனில் போட்டுப் பார்ப்பதில்லை. விடையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு ஜோடியையும் மேசை மேல் அசையாமல் வைத்து, தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். சார்ஜ் குறி வந்தது என்பது மட்டும் போதாது. குறி வந்து வந்து போகிறதா, சதவீதம் நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; மூன்றாவது ஜோடிக்கு வரும்போது முதலாவது மறந்துபோகும்.

விடையை இப்படிப் படிக்கலாம்:

- உங்கள் கேபிள் இரண்டு ஃபோனிலும் ஏறவில்லை, நல்ல கேபிள் இரண்டிலும் ஏறுகிறது: கேபிள்தான் கெட்டது. ஆனாலும் 3-ஆம் படியில் முனை வெளியே நின்றிருந்தால் துவாரத்தையும் சுத்தம் செய்துவிடுங்கள்.
- உங்கள் ஃபோன் இரண்டு கேபிளிலும் ஏறவில்லை, மற்ற ஃபோன் இரண்டிலும் ஏறுகிறது: துவாரம்.
- உங்கள் ஃபோனும் உங்கள் கேபிளும் சேர்ந்தால் மட்டும் ஏறவில்லை, மற்ற மூன்று ஜோடியும் ஏறுகிறது: இதுதான் எல்லோரையும் ஏமாற்றும் விடை. பெரும்பாலும் துவாரத்தில் பஞ்சும் கேபிளில் கொஞ்சம் தேய்மானமும் சேர்ந்திருக்கின்றன. சுத்தம் செய்யும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது.
- உங்கள் ஃபோன் நல்ல கேபிளில் ஏறவில்லை, உங்கள் கேபிள் நல்ல ஃபோனிலும் ஏறவில்லை: இரண்டும் கோளாறு. நல்ல கேபிளை வைத்துத் துவாரத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பல ஃபோன்களுக்கு அதற்கென்று வந்த கேபிளும் அடாப்டரும் சேர்ந்தால்தான் அந்த வேகம் வரும். வேறு கேபிள் போட்டால் மெதுவாக ஏறும். அது கோளாறு அல்ல. இந்தச் சோதனையில் வேகத்தைப் பார்க்காதீர்கள். விடாமல் ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அண்ணனுக்கு வந்தது மூன்றாவது விடை. அவர் ஃபோன், அவர் கேபிள்: குறி வந்தது, பத்து விநாடியில் போனது, திரும்ப வந்தது. அவர் ஃபோன், என் கேபிள்: ஏறியது. என் ஃபோன், அவர் கேபிள்: ஏறியது. என் ஃபோன், என் கேபிள்: ஏறியது.

"பாத்தியா தம்பி, உன் கேபிள்ல ஏறுதுல்ல. இதே மாதிரி ஒண்ணு குடு" என்றார்.

"அண்ணே, உங்க கேபிள் என் ஃபோன்ல ஏறுதே, அதையும் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

5. திருப்பிச் செருகுதல், கழுத்தை வளைத்தல்

நான்கு ஜோடியில் தெளிவான விடை வராதபோது இந்த இரண்டு சோதனையும் கைகொடுக்கும்.

டைப்-சி முனையை எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறவில்லை என்றால் எங்கோ ஒரு தொடர்பு விட்டிருக்கிறது. சார்ஜரையும் ஃபோனையும் பேசவைக்கும் தொடர்பு ஒன்று இருக்கிறது. ஃபோன் நாக்கின் ஒவ்வொரு முகத்திலும் அதற்கென்று ஒரு தகடு உண்டு. செருகும் பக்கத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்றுதான் பயன்படும். ஒரு முகத்தில் அழுக்கு மூடியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும். இந்த ஒருபக்கத் தொல்லை எந்தக் கேபிள் போட்டாலும் உங்கள் ஃபோனில் மட்டும் வருகிறதா, அப்படியானால் துவாரம். எந்த ஃபோனில் போட்டாலும் உங்கள் கேபிளில் மட்டும் வருகிறதா, அப்படியானால் கேபிளின் முனை. பழைய மைக்ரோ முனைக்கு இந்தச் சோதனை கிடையாது, அது ஒரு பக்கம்தான் போகும். திருப்பித் திணித்தால் நாக்கு உடையும்.

கழுத்துச் சோதனைக்கு நல்ல ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஃபோனை அல்ல. உங்கள் கேபிளை அதில் செருகி, பிளாஸ்டிக் பிடியை ஒரு கையால் அசையாமல் ஃபோனோடு சேர்த்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் பிடியை அடுத்த இரண்டு மூன்று அங்குல ஒயரை மட்டும் மெதுவாக நாலா பக்கமும் வளையுங்கள். சார்ஜ் குறி கண் சிமிட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அடாப்டர் பக்கத்து முனையிலும் இதையே செய்யுங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முனையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். "இப்படிக் கோணையா வச்சா ஏறும்" என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் ஃபோன்கள் நிறைய வருகின்றன. கோணல் பிடியில் இழுபடுவது நாக்கும், அதன் கால்கள் போர்டில் ஒட்டியிருக்கும் ஈயப் பற்றும்தான். பஞ்சோடு போயிருக்க வேண்டிய தொல்லை துவாரத்தையே மாற்றும் செலவில் முடியும்.

அண்ணனின் மூன்றாவது கேபிள் என் ஃபோனில் எப்படி வளைத்தாலும் சிமிட்டவில்லை. கம்பி நன்றாக இருந்தது.

6. பஞ்சை எடுப்பது

முதலில் ஃபோனை முழுக்க அணைத்துவிடுங்கள், கேபிள் எதுவும் இருக்கக் கூடாது. டார்ச்சை நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு தெரியும். நாக்குக்கு மேலும் கீழும் இடைவெளி. அந்த இடைவெளியின் அடித்தரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தால் அதுதான். பலர் பார்த்துவிட்டு "உள்ளே சுத்தமாத்தான் இருக்கு" என்பார்கள். கேபிள் முனை தினமும் அடித்து அடித்து இறுக்கிய பஞ்சு, கம்பளித் துணி மாதிரி மட்டமாகப் படிந்து, அதுவே துவாரத்தின் தரை போலத் தோன்றும். அதனால் கண்ணை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க ஒரு வழி. கேபிள் முனையின் உலோகப் பகுதிக்குப் பக்கத்தில் குச்சியை வைத்து, உலோகத்தின் நீளம் எவ்வளவோ அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். டைப்-சியில் அது சுமார் ஆறரை மில்லிமீட்டர் வரும். குச்சி உள்ளே போய் நிற்கும்போது அந்தக் கோடு ஃபோனின் விளிம்புக்கு வந்தால் தரை சுத்தம். கோடு வெளியே நின்றால் அந்த அளவுக்குப் பஞ்சு இருக்கிறது.

குச்சியைச் சீவுவதில்தான் பாதி வேலை. நாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடம்தான் உண்டு. கடையில் வாங்கும் பல் குத்தும் குச்சியை அப்படியே நுழைத்தால் அது நாக்கை ஒரு பக்கம் தள்ளும், இல்லையென்றால் பஞ்சை இன்னும் இறுக்கும். பிளேடால் இரண்டு பக்கமும் சீவி, நுனியைக் கத்தி போலத் தட்டையாக்குங்கள். தென்னை ஈர்க்குச்சியின் நுனிப் பகுதி இயல்பிலேயே மெலிசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். காய்ந்து நொறுங்கும் பழைய விளக்குமாற்றுக் குச்சி மட்டும் வேண்டாம், உள்ளே முறிந்துவிடும்.

ஃபோனைத் துவாரம் கீழே பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள், எடுப்பது வெளியே விழட்டும். குச்சியை நாக்கை ஒட்டிவிடாமல் வெளிச்சுவரை ஒட்டி உள்ளே விடுங்கள். அடியைத் தொட்டதும் அழுத்தாமல், ஒரு மூலையை நோக்கிப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். மூலையில் வந்து சேர்ந்ததைக் குச்சி நுனியால் வாரி வெளியே இழுங்கள். ஒரு முறையில் வராது. ஐந்தாறு முறை ஆகும். மேல் பக்கம் முடிந்ததும் ஃபோனைத் திருப்பிக் கீழ்ப் பக்கம். இரண்டு ஓர மூலைகளில்தான் அதிகம் தங்கும்.

அண்ணன் ஃபோனில் முதல் இரண்டு முறை வெறும் நூல் பிசிறுதான் வந்தது. மூன்றாவது முறை மூலையிலிருந்து ஒரு பட்டையாகப் பெயர்ந்து வந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், ஒரு பக்கம் நாக்கு இருந்த இடத்தின் விளிம்பு அச்சு மாதிரி பதிந்திருந்தது. வெள்ளைத் தாளில் வைத்துப் பிரித்தால் நீலமும் சிவப்புமாகப் பருத்தி இழைகள். தறிக்கூடத்துச் சட்டைப்பையில் பகல் முழுக்கத் துவாரம் மேலே பார்க்க நிற்கும் ஃபோன் அது. அவர் அதை விரலில் ஒட்டியெடுத்து, "இது நேத்து ஓட்டுன பாவு நூல்" என்றார்.

பஞ்சு வந்தபிறகு காய்ந்த பிரஷால் நாக்கின் இரண்டு முகத்தையும் லேசாகத் தேயுங்கள். ஊதுகருவி இருந்தால் நாலு முறை அமுக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் கொண்டுபோய்க் காட்டுவது அதைவிட மோசம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேகமும் பஞ்சை மைக் பக்கம் தள்ளிவிடும்.

சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பவர்களின் ஃபோனில் பஞ்சோடு விபூதியும் இருக்கும். அதைக் காய்ந்த நிலையிலேயே பிரஷால் எடுக்க வேண்டும். ஏதாவது திரவம் பட்டால் களிம்பாகி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வியர்வை பட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் மட்டும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் நுனியைத் தொட்டு, உதறிவிட்டுத் துடைக்கலாம். கால் மணி நேரம் காயவிட்ட பிறகே ஃபோனை ஆன் செய்யுங்கள். கை கழுவும் சானிடைசரில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருப்பதால் அது ஆகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஊக்கும் ஊசியும் ஏன் கூடாது என்றால், நாக்கின் மேல் உள்ள தொடர்புகள் தலைமுடி போல மெலிசான பூச்சுத் தகடுகள். இரும்பு நுனி ஒரு முறை கீறினால் பூச்சு போய்விடும், அங்கே பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. சிம் பின்னை எடுப்பவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள். துவாரத்தின் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டையிலும் அழுக்கு இருக்கும் என்று குத்துவார்கள். அது மைக். சார்ஜ் சரியாகிவிடும், எதிரில் பேசுபவருக்குக் குரல் கேட்காது.

மைக்ரோ துவாரத்தில் நாக்கு ஒரு சுவரை ஒட்டி இருக்கும், இடமும் குறைவு. நாக்கு இல்லாத பக்கத்தில் மட்டும் குச்சியை விடுங்கள். லைட்னிங்கில் நடுவே நாக்கு கிடையாது, ஆனால் ஸ்பிரிங் தொடர்புகள் ஃபோனுக்குள்ளேயே ஒரு பக்கச் சுவரில் இருக்கின்றன. அந்தச் சுவரைத் தொடாமல் அடித்தரையை மட்டும் வாருங்கள். லைட்னிங் கேபிள் முனையின் தங்க நிறக் கோடுகளில் ஒன்று கருத்திருந்தால் அந்தக் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

7. அதே சோதனையை அதே வரிசையில் மறுபடியும்

இப்போது 3, 4, 5 மூன்று படிகளையும் திரும்பச் செய்யுங்கள். அதே அடாப்டர், அதே பாயின்ட். முன்பு எழுதிய தாளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முனை கிளிக்கோடு உட்கார்ந்து, நான்கு ஜோடியும் ஏறினால் கோளாறு பஞ்சு மட்டும்தான். கிளிக்கோடு உட்கார்ந்தும் உங்கள் கேபிள் மட்டும் எந்த ஃபோனிலும் தடுமாறினால் கேபிளை மாற்றலாம்; இப்போது வாங்கும் கேபிள் வீண் போகாது. அடித்தரை கோடு வரை சுத்தம், நல்ல கேபிள் போட்டும் ஏறவில்லை அல்லது ஆடுகிறது என்றால் துவாரமே பழுது.

கீழ்க்கண்டவற்றைப் பார்த்தால் மேற்கொண்டு குச்சி போடாதீர்கள்: நாக்கு சாய்ந்திருப்பது அல்லது பாதி இல்லாதது, கருகிய வாடை, தொடர்புகளில் பச்சை, கேபிளை அசைத்தால் துவாரத்தின் உலோகக் கூடும் சேர்ந்து அசைவது. கடைக்குக் கொண்டுபோங்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சார்ஜிங் துவாரம் தனிச் சின்ன போர்டில் இருக்கும், அந்த போர்டையே மாற்றிவிடலாம். சிலவற்றில் மெயின் போர்டிலேயே ஈயப்பற்று வைத்திருக்கும். அது நுணுக்கமான வேலை. உங்கள் மாடலில் எது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். வாரண்டி இருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மட்டும் திறக்கவிடுங்கள். நீங்கள் எழுதிய தாளையும் காட்டுங்கள். முதல் அரை மணி நேரச் சோதனையை அவர் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

இன்னொன்று. துவாரம் சுத்தமாகி, கேபிளும் நல்லதாகி, குறியும் விடாமல் இருந்து, சதவீதம் மட்டும் ஏறவில்லை அல்லது இறங்குகிறது என்றால் அது பேட்டரி அல்லது உள் சர்க்யூட் விஷயம். இந்த வழிகாட்டி அந்த இடத்தோடு நிற்கிறது.

8. ஒதுக்கிப்போட்ட பழைய கேபிள்கள்

அண்ணனின் ஃபோனில் சுத்தம் செய்தபிறகு அவருடைய மூன்றாவது கேபிள் கிளிக் என்று உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்தில் குறி ஒரு முறைகூடப் போகவில்லை. திருப்பிச் செருகியும் ஏறியது. கேபிள் வாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் இரண்டு கேபிள்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். தூக்கிப்போடாமல் டிராயரில் வைத்திருந்திருக்கிறார். இரண்டையும் என் ஃபோனில் போட்டுக் கழுத்தை வளைத்துப் பார்த்தோம். முதலாவதில் அடாப்டர் பக்கம் வளைத்தபோது குறி சிமிட்டியது. கம்பி உண்மையிலேயே அறுந்திருந்தது. இரண்டாவது எப்படி வளைத்தும் விடவில்லை, அவர் ஃபோனிலும் கிளிக்கோடு ஏறியது. அதைத் தறிக்கூடத்துக்கென்று வைத்துக்கொண்டார். ஃபோனைச் சட்டைப்பையில் துவாரம் கீழே வரும்படி திருப்பி வைக்கச் சொன்னேன். பஞ்சு இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் மாதம் ஒரு முறை குச்சியில் போட்ட கோட்டை வைத்து அளந்து பார்த்தால் போதும். கோடு விளிம்புக்கு வந்தால் உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை.